கிடங்குத் தேர்வு மாடலில் பெரிய M போடும் தவறு

எந்தக் கிடங்கைத் திறப்பது, எந்த வாடிக்கையாளருக்கு எங்கிருந்து அனுப்புவது என்று மாடல் எழுதும்போது பெரும்பாலான தொல்லை ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது: மூடிய கிடங்கிலிருந்து சரக்கு போகக் கூடாது என்று சொல்லும் கட்டுப்பாடு. `y_j` என்பது j கிடங்கு திறந்திருந்தால் 1, இல்லையென்றால் 0. `x_ij` என்பது i வாடிக்கையாளரின் தேவையில் j கொடுக்கும் பங்கு. பலரும் கையில் வரும் ஏதோ ஒரு பெரிய எண்ணை M என்று வைத்து இரண்டையும் இணைத்துவிடுகிறார்கள்:

```
sum_i x_ij <= M * y_j
```

இதனால் என்ன ஆகிறது என்று சின்னக் கணக்கில் பார்க்கலாம். A, B என இரண்டு கிடங்குகள். திறக்க தலா 100 செலவு. நான்கு வாடிக்கையாளர்களில் இருவர் A பக்கம், இருவர் B பக்கம். பக்கத்துக் கிடங்கிலிருந்து அனுப்ப 10, தூரத்திலிருந்து 40. இரண்டையும் திறந்தால் 240. ஒன்றை மட்டும் திறந்தால் 100 + 20 + 80 = 200; அதுதான் சரியான விடை.

மாடலைத் தீர்க்கும் மென்பொருளான சால்வர் முதலில் `y` பின்னமாக இருக்கலாம் என்று தளர்த்தி, செலவுக்கு ஒரு கீழ்வரம்பு காணும். M = 1000 என்றால் ஒவ்வொரு கிடங்கையும் 0.002 அளவு திறந்தாலே போதும், கீழ்வரம்பு வெறும் 40.4. M-ஐ 4 ஆகக் குறைத்தாலும் 140தான். வரம்பு இவ்வளவு கீழே கிடந்தால், பெரிய மாடலில் சால்வர் `y` 0 என்றால், 1 என்றால் என்று மணிக்கணக்கில் கிளை பிரித்துக்கொண்டே இருக்கும். கிடைத்த விடைக்கும் கீழ்வரம்புக்கும் உள்ள இடைவெளியான gap லாகில் நகராது.

அதே விதியை ஜோடி ஜோடியாக எழுதிப் பாருங்கள்:

```
x_ij <= y_j
```

கீழ்வரம்பு நேராக 200 ஆகிறது. கிளை பிரிக்கவே வேலையில்லை. எல்லாக் கணக்கிலும் இப்படிக் கச்சிதமாக அமையாது. ஆனால் வரம்பு ஒருபோதும் மோசமாகாது.

கட்டுப்பாடுகள் அதிகமாகிவிடுமே என்ற பயம் நியாயம்தான். 100 கிடங்கு, 2000 வாடிக்கையாளர் என்றால் 2 லட்சம் வரிகள். தாங்காவிட்டால் மீறப்படும் வரிகளை மட்டும் அவ்வப்போது சேர்க்கலாம். i வாடிக்கையாளரின் தேவை `d_i`, j கிடங்கின் கொள்ளளவு `s_j` என்று இருந்தால் `sum_i d_i*x_ij <= s_j*y_j` மட்டும் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். விடை சரியாக வர அது போதும், வேகத்துக்கு ஜோடி வரிகளும் வேண்டும்.

இதைவிட ஆபத்தானது, M பத்து லட்சமாக இருக்கும்போது வரும் தப்பான விடை. மேலே சொன்ன கணக்கில் `y` 0.000002 ஆக இருந்தாலே இரண்டு வாடிக்கையாளருக்குச் சரக்கு போய்விடும். பல சால்வர்கள் வழக்கமாக 0.00001 வரையிலான விலகலை முழு எண்ணாகவே ஏற்றுக்கொள்வதால், இரண்டு கிடங்கும் மூடியபடி எல்லோருக்கும் சரக்கு போகும் 'தீர்வு' சுமார் 40 செலவில் வந்து நிற்கலாம். கண்டுபிடிக்க வழி எளிது: விடை வந்ததும் `y`-ஐ 0 அல்லது 1 ஆக முழுமையாக்குங்கள், அப்புறம் 0 ஆன கிடங்குகளில் `x` மிச்சமிருக்கிறதா என்று தேடுங்கள்.