‘ஹாஃப் சிக்ஸ்’ என்றால் எத்தனை மணி? தம்பிக்கு லீட்ஸிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

செங்கோட்டையில் நம் கடைக்கு வரும் புனலூர் லாரி ஓட்டுநர்கள் “வெள்ளம்” கேட்டால், நீ யோசிக்காமல் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுக்கிறாய். இங்கே, வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், என்னைத் தடுமாற வைத்தவையும் அப்படிப்பட்ட சொற்களே. பள்ளியில் படித்த ‘டீ’யும் ‘ஹாஃப்’பும் இங்கு வேறு பொருளில் வழங்குகின்றன.

நான் வந்த இரண்டாம் வாரத்தில் பக்கத்து வீட்டு அம்மையார், “வியாழக்கிழமை ஹாஃப் சிக்ஸுக்கு டீக்கு வா” என்று அழைத்தார். ஆறுக்கு அரை மணி முன்பு என்று எண்ணி ஐந்தரைக்கே கதவைத் தட்டினேன். வெறும் தேநீர்தானே என்று சோறும் உண்டுவிட்டுப் போயிருந்தேன். அவர் அப்போதுதான் சமைக்கத் தொடங்கியிருந்தார். எனக்காகச் செய்ததில் பாதியைக்கூட என்னால் உண்ண முடியாமல் போனது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே, நீ இங்கே படிக்க வந்து உனக்கும் இப்படி ஓர் அழைப்பு வந்தால் முதலில் நேரத்தைக் கணக்கிடு. ‘ஹாஃப் பாஸ்ட் சிக்ஸ்’ என்பதிலுள்ள ‘பாஸ்ட்’ பேச்சில் விழுந்துவிடுவதால்தான் ‘ஹாஃப் சிக்ஸ்’ என்று நம் காதில் விழுகிறது. எனவே ஆறோடு அரையைக் கூட்டி, ஆறரை என்று கொள். உன் வகுப்பில் ஜெர்மனி மாணவர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் அவர்கள் மொழியில் ‘அரை ஆறு’ என்னும் தொடர் ஐந்தரையையே குறிக்கும். ஐயம் இருந்தால் “சிக்ஸ் தர்ட்டியா?” என்று அங்கேயே திருப்பிக் கேட்டுவிடு, யாரும் தவறாக நினைப்பதில்லை. ரயில் அட்டவணையில் 18:30 என்றே அச்சிடுவதால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை.

அடுத்து, ‘டீ’ எது என்று பார். இங்கிலாந்தின் வடபகுதியில் பலர் மாலை உணவையே ‘டீ’ என்கிறார்கள். அவர்களுள் பலருக்கு ‘டின்னர்’ என்பது நண்பகல் உணவு. ‘எ கப் ஆஃப் டீ’ என்றாலோ, சமையலறையில் நிற்கும்போது “டீ வேண்டுமா?” என்று கேட்டாலோ அது தேநீர்தான். நாள் குறித்து, மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் நேரமும் சொல்லி அழைத்தால், பெரும்பாலும் அது சாப்பாடு. வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போ. உனக்கு மாட்டிறைச்சி ஆகாதென்றால் அதை அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிடு, சமைத்தபின் சொல்வது அவர்களுக்குச் சங்கடம். ஆனால் தெற்கே லண்டன் பக்கம் இந்த விதியை அப்படியே நம்பாதே. அங்கே ‘டின்னர்’ பெரும்பாலும் இரவு உணவுதான்.

இன்னொன்று: வழியில் பார்ப்பவர் “ஆல் ரைட்?” என்று கேட்டால் உடல்நலத்தை விசாரிப்பதாக எண்ணி நின்று விளக்கம் சொல்ல வேண்டாம். அது வணக்கத்தைப் போன்றது, நீயும் “ஆல் ரைட்?” என்று சொல்லி நடந்துவிடலாம்.

அம்மாவிடமும் இதைப் படித்துக் காட்டு.

அன்புடன்,
அக்கா