ஷூ கடைக்கு முன்னால் குதிகாலைப் பாருங்கள்

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா 4 வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பையன் காலில் கணுக்கால் வரை மூடிய கனமான ஷூ. "மேடம், இதைப் போட்டா குதிகால் கீழ படும்னு கடையில சொன்னாங்க. ஆறு மாசமா போடுறான்" என்றார். பார்த்தால் கால் தரையில் பதிந்திருப்பது போலத்தான் தெரிந்தது. ஷூவைக் கழற்றினேன். உள்ளே குதிகால் தூக்கியே இருந்திருக்கிறது. பின்பக்கம் உரசி உரசித் தோல் தடித்துப்போயிருந்தது.

பிசியோதெரபியில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான். நுனிக்கால் நடையை ஷூ சரிசெய்யாது, மறைத்துவிடும்.

அவன் முழங்காலை நீட்டி வைத்து, பாதத்தை மேல்நோக்கி மெதுவாகத் தள்ளிப் பார்த்தேன். செங்கோணம் வரைகூட வரவில்லை. ஆடுதசை இறுகியிருந்தது. எலும்பு மருத்துவர் முதலில் நரம்பையும் தசையையும் சோதித்தார். பிறகு சில வாரங்களுக்கு மாவுக்கட்டு, வாரம் ஒருமுறை மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தசையை நீட்டினார். அதற்குப் பிறகுதான் ஷூ. ஆறு மாதம் முன்பே வந்திருந்தால், பயிற்சி மட்டுமே போதுமானதாக இருந்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நடக்கப் பழகும் வயதில் நுனிக்காலில் நடப்பது சகஜம். 3 வயது தாண்டியும் தொடர்ந்தால் காட்ட வேண்டும். ஒரு காலில் மட்டும் என்றாலோ, நன்றாக நடந்த பிள்ளை திடீரென ஆரம்பித்தாலோ வயதைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி ஏறி எழுகிறானா, ஆடுதசை புடைத்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். அது தசைநோயின் அடையாளமாக இருக்கலாம். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலில் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டலாம்.

தட்டைப் பாதத்தில் தவறு நேர்மாறானது. தேவையே இல்லாமல் செலவு செய்கிறோம். சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளங்கால் தட்டையாக இருப்பது இயல்பு. பெரும்பாலும் 6 வயதுக்குள் வளைவு தெரிய ஆரம்பிக்கும். பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். அப்போது வளைவு தெரிந்து, வலியும் இல்லையென்றால் சாதாரண ஷூ போதும். வளைவு வைத்த விலை உயர்ந்த ஷூ பாதத்தில் வளைவை வளர்த்துவிடாது. நுனிக்காலில் நின்றும் வளைவு வரவில்லை, பாதம் விறைப்பாக இருக்கிறது, அல்லது வலிக்கிறது என்றால்தான் எலும்பு மருத்துவர்.

வாங்கும்போது சாயங்காலம் போங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அது. உள்ளே இருக்கும் அட்டையை வெளியே எடுத்து, அதன்மேல் பிள்ளையை நிற்க வையுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடம் இருக்கட்டும். "அடுத்த வருஷமும் ஆகும்" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால், குதிகால் நழுவி நடையே கெடும். ஷூவின் முன்பகுதி விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். பின்பகுதி கையால் அமுக்கினால் நசுங்கக் கூடாது.