நிகர அகலம் குறைந்த பாதையில்தான் தகடு கிழியுமா?

இழுவிசை தாங்கும் தகட்டில் போல்ட் துளைகளை மாற்றி மாற்றி அமைத்தால், தகடு எந்தக் கோட்டில் கிழியும் என்பது பார்த்தவுடன் தெரியாது. புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் எல்லாப் பாதைகளின் நிகர அகலத்தையும், அதாவது துளைகள் போக மிஞ்சும் அகலத்தையும், கண்டுபிடித்து, இருப்பதிலேயே சிறியதை எடுத்துக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். அது சில சமயம் தவறான பாதையைக் காட்டும். எப்படி என்று ஒரு கணக்கிலேயே பார்ப்போம்.

200 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன் உள்ள தகடு, E250 எஃகு, ஆறு M20 போல்ட்கள். இதை இன்னொரு தகட்டின் மேல் வைத்து இணைக்கிறோம். தகட்டை இடப்பக்கம் இழுக்கும் விசை 300 கிலோநியூட்டன்.

```
        1     2     3     4
              o           o
P <--   o           o
              o           o
```

விசையின் திசையில் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி p = 60 மி.மீ., குறுக்காக ஒரு துளைக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் g = 60 மி.மீ., ஓரத்தில் 40 மி.மீ. இந்த p, g இரண்டையும் இடம் மாற்றிப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. இழுக்கும் திசையில் அளப்பது p என்று படத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துளையின் விட்டம் 20 இல்லை, 22 மி.மீ.; M20 போல்ட் நுழைய 2 மி.மீ. கூடுதலாகத் துளைக்கிறோம்.

சரி, முதலில் நிகர அகலம். இந்திய எஃகுக் கட்டுமான விதிநூல் IS 800:2007 தரும் சூத்திரம் இது:

```
An = (b - n*dh + Σ p²/(4g)) * t
```

தகட்டின் அகலம் b-யிலிருந்து பாதையில் வரும் n துளைகளின் விட்டம் dh-ஐக் கழித்துவிட்டு, பாதை சாய்வாகப் போகும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு p²/4g சேர்க்கிறோம்; அதைத் தடிமன் t-யால் பெருக்கினால் நிகரப் பரப்பு An. சாய்ந்த கோடு நேர்க்கோட்டைவிட நீளம், அதனால் அந்த வழியாகக் கிழிப்பது கொஞ்சம் கடினம். அந்தக் கூடுதல் பலத்தைத் தோராயமாகப் பிடிக்கும் விதி இது, 1922-இல் காக்ரேன் என்பவர் முன்வைத்தது. நம் கணக்கில் ஒரு சாய்வுத் துண்டுக்கு 3600/240 = 15 மி.மீ.

```
வரிசை 1 நேராக:       200 - 22      = 178
வரிசை 2 நேராக:       200 - 44      = 156
2-1-2 வளைந்து:       200 - 66 + 30 = 164
```

இதோடு நிறுத்தினால் 156 தான் சிறியது, வரிசை 2-இல் நேராகக் கிழியும் என்று எழுதிவிடுவோம். ஆனால் அந்த வெட்டில் முழு 300 இல்லையே. வரிசை 1-இல் இருக்கும் போல்ட் தன் பங்கை ஏற்கெனவே மற்றத் தகட்டுக்குக் கடத்திவிட்டது. ஆறு போல்ட்டும் சமமாகப் பகிர்வதாக வைத்தால் ஒன்றுக்கு 50. வரிசை 2-க்கு வருவது 250 மட்டும்.

ஆகவே ஒவ்வொரு பாதைக்கும் இதைச் செய்யுங்கள்: பாதையை வரைந்துவிட்டு, அதற்கும் இழுக்கும் முனைக்கும் நடுவில் முழுதாக எத்தனை போல்ட் நிற்கிறது என்று எண்ணி, அந்தப் பங்கைக் கழியுங்கள். பாதை எந்தத் துளை வழியாகப் போகிறதோ அந்த போல்ட்டை எண்ணக் கூடாது, ஏனென்றால் அது துளையின் வலது விளிம்பை அழுத்தி நிற்கிறது, அதாவது வெட்டுக்கு அந்தப் பக்கம். 2-1-2 பாதைக்கு முன்னால் ஒரு போல்ட்டும் இல்லை, ஆக அங்கே முழு 300.

```
வரிசை 1:  300000 / 1780 = 168.5 MPa
வரிசை 2:  250000 / 1560 = 160.3 MPa
2-1-2:    300000 / 1640 = 182.9 MPa
```

அகலம் அதிகமாக இருந்த வளைந்த பாதைதான் அதிகத் தகைவோடு நிற்கிறது. இதே வடிவில் 2-3-2 என்று பின்பக்கம் வளையும் பாதைக்கும் அகலம் 164 தான், ஆனால் 250 மட்டுமே வருவதால் 152.4; அதை விட்டுவிடலாம்.

இப்போது தாங்குதிறன். கிழிவதற்கு Tdn, முழுப் பரப்பு Ag நிரந்தரமாக நீள்வதற்கு Tdg; fu இந்த எஃகு முறியும் தகைவு, fy அது நீள ஆரம்பிக்கும் தகைவு, 1.25-உம் 1.1-உம் பாதுகாப்புக் காரணிகள்:

```
Tdn = 0.9 * An * fu / 1.25 = 0.9 * 1640 * 410 / 1.25 = 484 kN
Tdg = Ag * fy / 1.1        = 2000 * 250 / 1.1        = 455 kN
```

துளை இல்லாத முழுத் தகடு நீள ஆரம்பிப்பது முதலில், அது நல்லதுதான். கிழிவதற்கு முன் எச்சரிக்கை கிடைக்கும். ஆனால் இடம் போதவில்லை என்று யாராவது p-ஐ 40 ஆகக் குறைத்தால் சாய்வுத் துண்டுக்குக் கிடைப்பது 6.67 மட்டும், நிகர அகலம் 147.3, Tdn 435-க்கு இறங்கி கிழிவது முந்திக்கொள்கிறது. வரைபடத்தில் 20 மி.மீ. நகர்ந்ததற்கு இவ்வளவு.

அப்புறம், கீழே இருக்கும் தகட்டையும் மறக்காதீர்கள். அதை வலப்பக்கம் இழுக்கிறோம், அதனால் அதற்கு முதல் வரிசை 4. அதுவும் 200 x 10 என்றால், p = 60 இருக்கும்போதே வரிசை 4-இல் நேராக 300000/1560 = 192.3 MPa, 4-3-4 பாதையில் 182.9. இந்த இணைப்பில் நிகர வெட்டின் உச்சத் தகைவு மேல் தகட்டில் இல்லை, அங்கேதான், அதுவும் நேர்ப்பாதையில்.