பீட்டாவை எதோடு பெருக்குவது? பங்கு மலிவா என்று கணக்குப் போடும்போது நேரும் தவறுகள்

ஒரு பங்கின் இன்றைய விலை 400 ரூபாய். ஓராண்டில் 440 ரூபாய்க்குப் போகும், நடுவில் 8 ரூபாய் டிவிடெண்ட் வரும் என்று கணித்திருக்கிறீர்கள். சந்தை ஏறி இறங்கும்போது பங்கு அதைவிட எவ்வளவு கூடவோ குறையவோ அசைகிறது என்று காட்டும் பீட்டா 1.2. அரசுப் பத்திரத்தில் ரிஸ்க் இல்லாமல் 7 சதவீதம் கிடைக்கிறது, மொத்தச் சந்தையிடம் 12 சதவீதம் எதிர்பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பங்கு மலிவா?

ஒரு பங்கிடம் எவ்வளவு வருமானம் கேட்க வேண்டும் என்று சொல்லும் மூலதனச் சொத்து விலையிடல் மாதிரியின் சூத்திரம் இது. E(R) என்பது கேட்க வேண்டிய வருமானம், Rf ரிஸ்க் இல்லாத வருமானம், β பீட்டா, Rm சந்தையின் வருமானம்:

```
E(R) = Rf + β × (Rm − Rf)
```

பலரும் முதலில் தடுமாறுவது அடைப்புக்குறிக்குள்தான். 1.2-ஐ நேராக 12-ஆல் பெருக்கி, 7-ஐக் கூட்டி, 21.4 சதவீதம் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் உலகத்தில் எந்தப் பங்கும் மலிவாகத் தெரியாது. ரிஸ்க் எடுப்பதற்காகச் சந்தை கூடுதலாகத் தருவது 12-7, அதாவது 5 சதவீதம் மட்டுமே. பீட்டா பெருக்க வேண்டியது அதைத்தான். ஆக, இந்தப் பங்கிடம் நாம் கேட்க வேண்டிய வருமானம் 7 + 6 = 13 சதவீதம்.

சரி, பங்கு தரப்போவது எவ்வளவு? விலை ஏற்றம் 40, டிவிடெண்ட் 8, மொத்தம் 48. 400-க்கு அது 12 சதவீதம். டிவிடெண்டை மறந்தால் 10 சதவீதம் என்று வரும். இதே மறதி சந்தைப் பக்கமும் நடக்கும். நாம் தினமும் பார்க்கும் நிஃப்டி 50 எண்ணில் டிவிடெண்ட் சேராது. அதன் பழைய வளர்ச்சியை வைத்துச் சந்தை வருமானத்தை மதிப்பிட்டால் கேட்கும் வருமானம் குறைந்துபோய், பங்குகள் மலிவாகத் தெரியும். டிவிடெண்டையும் சேர்த்த மொத்த வருமானக் குறியீடு தனியாக இருக்கிறது, அதையே எடுங்கள்.

கேட்பது 13, கிடைப்பது 12. ஆகவே பங்கு விலை அதிகம். இங்கே திசையைத் தலைகீழாகப் படிப்பவர்கள் நிறைய. குழப்பமாக இருந்தால் ரூபாயிலேயே பாருங்கள்: 448-ஐ 1.13-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 396.50 வருகிறது. நாம் கொடுப்பது 400.

அப்புறம், எனக்கு மிகப் பெரிதாகப் படும் தவறு, இந்த மூன்றரை ரூபாயை நம்பி முடிவெடுப்பது. ஐந்தாண்டு மாத விலைகளை வைத்துக் கணக்கிடும் பீட்டாவில் 0.2 அளவுக்குத் திட்டப்பிழை இருப்பது சாதாரணம். பீட்டா 1.0 என்றால் கேட்கும் வருமானமும் 12 சதவீதம்தான், விலை சரியாக 400. 0.9 என்றால் பங்கு மலிவாகிவிடுகிறது. 440 என்ற கணிப்பு இன்னும் பொல்லாதது. அதை 445 ஆக்கினால் போதும், பீட்டா 1.2 ஆகவே இருந்தும் நியாய விலை ஏறக்குறைய 401 ஆகி, தீர்ப்பு மாறிவிடும். அந்த 440 இந்தச் சூத்திரத்திலிருந்து வருவதில்லை. நிறுவனத்தின் லாபத்தையும் கடனையும் படித்து நாம்தான் கொண்டுவர வேண்டும். போன வருடம் பங்கு எவ்வளவு ஏறியதோ அதையே அங்கே எழுதிவிட்டால், மேலே போட்ட கணக்கில் ஒரு வரிக்கும் பொருளில்லை.