இருபது டாலர் கேமுக்கு 1,821 ரூபாய் போனது எப்படி? காசு கட்டும் முன் பார்க்க வேண்டியவை

மார்த்தாண்டத்தில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் இருபது டாலருக்கு ஒரு கேம் வாங்கினான். அன்றைக்கு ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்; கணக்குப்படி 1,700 ரூபாய். ஆனால் அவன் அம்மாவின் கார்டிலிருந்து மொத்தம் 1,821 ரூபாய் போயிருந்தது. "மாமா, ரூபாயில்தானே கட்டினேன்?" என்றான். அதுதான் விஷயமே.

முதலில் விலை எந்த நாணயத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டீம், கூகுள் பிளே போன்ற கடைகளில் உங்கள் கணக்கு இந்தியாவில் இருந்தால் விலையே ரூபாயில்தான் வரும், யுபிஐயிலும் கட்டலாம். அங்கே இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. விலை டாலரிலோ யூரோவிலோ இருந்தால்தான் அடுத்த படிகள் தேவை.

இரண்டாவது, கார்டு. 2020-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே இருக்கும். வங்கி ஆப்பில் கார்டு அமைப்புக்குள் போய் ஆன்லைன், வெளிநாடு இரண்டையும் இயக்கி, உச்ச வரம்பை நீங்கள் வாங்கப்போகும் தொகைக்குப் பக்கத்தில் வையுங்கள். வாங்கி முடித்ததும் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திரும்ப அணைத்துவிடுங்கள். அப்படியே வங்கியின் கட்டணப் பட்டியலில் அந்நிய நாணயத்தில் கட்டும்போது வங்கி பிடிக்கும் மார்க்கப் எவ்வளவு என்றும் பாருங்கள். பல கார்டுகளில் அது 2 முதல் 3.5 சதவீதம் வரை இருக்கும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

மூன்றாவது படியில்தான் அவன் சறுக்கினான். கார்டு எண்ணைப் போட்டதும் சில தளங்கள் `Pay in INR`, `Pay in USD` என்று இரண்டு பொத்தான்களைக் காட்டும். ரூபாய் பொத்தான் முன்கூட்டியே தேர்வாகி இருப்பதும் உண்டு. நம் ஊர்ப் பணம் என்று கை தானாக அங்கேதான் போகும். ஆனால் அதைத் தொட்டால் நாணயத்தை மாற்றுவது வங்கி அல்ல, அந்தத் தளத்துக்காகப் பணம் வாங்கித்தருகிற நிறுவனம். விலை வைப்பது அவர்கள் இஷ்டம். இவனுக்கு ஒரு டாலருக்கு 90 ரூபாய் போட்டிருந்தார்கள். அங்கேயே 1,800 ஆகிவிட்டது. கடை வெளிநாட்டில் பதிவானது என்பதால், ரூபாயில் கட்டியும் அவன் வங்கி ஒரு சதவீதம் கட்டணம் பிடித்தது: 18 ரூபாய், ஜிஎஸ்டி 3.24. எல்லா வங்கியும் இப்படிப் பிடிப்பதில்லை. ஆனாலும் மொத்தம் 1,821.24.

டாலர் பொத்தானைத் தொட்டிருந்தால்? விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க்கின் அன்றைய விலை சந்தை விலையை ஒட்டியே இருக்கும், அதனால் 1,700. அதன் மேல் 3.5 சதவீதம் 59.50, ஜிஎஸ்டி 10.71. மொத்தம் 1,770.21. மார்க்கப் உச்சத்தில் இருக்கும் கார்டிலேயே 51 ரூபாய் மிச்சம். "மக்களே, டாலர் கேமுக்கு டாலரிலேயே கட்டு" என்று சொன்னேன்.

சரி, கேம் கடையின் வாலட்டில் காசு ஏற்றி வைத்தால் தப்பிக்கலாமா? ரூபாய் விலைக் கடையில் அது நல்ல வழி. பிள்ளைகள் கையில் கார்டைக் கொடுக்காமல் 500 ரூபாய் ஏற்றிக் கொடுத்தால் செலவு அதற்குள்ளேயே நிற்கும். ஆனால் ஏற்றிய காசு அந்தக் கடைக்குள்தான் செல்லும், கேமின் விலைக்கு ஒட்டியே ஏற்றுங்கள். நம் குமரி மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு குறைவு. அங்கிருந்து கிஃப்ட் கார்டு வாங்கி அனுப்புவோரும் உண்டு. பிளே கிஃப்ட் கார்டு வாங்கிய நாட்டுக் கணக்கில்தான் செல்லும், இங்கே ஏற்க மறுக்கும். வளைகுடாவில் இருப்பவரிடம் கிஃப்ட் கார்டுக்குப் பதில் பணமாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

மொபைல் பேலன்ஸில் கட்டும் வசதி உங்கள் சிம்மில் வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ப்ரீபெய்டில் அது மாத பேக்கிலிருந்து போகாது, மெயின் பேலன்ஸிலிருந்துதான் போகும். அதற்கு 100 ரூபாய் டாப்-அப் போட்டால் வரியும் கட்டணமும் போக வழக்கமாக 81.75 ரூபாய்தான் ஏறும். அதாவது 81 ரூபாய்ப் பொருளுக்கு 100 ரூபாய். மேலே சொன்ன எந்தக் கார்டையும்விட இது அதிகம். போஸ்ட்பெய்டில் பில்லோடு சேர்ந்து வருவதால் இந்தப் பிடித்தம் இல்லை.

கடைசியாக, வாங்கிய உடனே வரும் எஸ்எம்எஸ்ஸை நம்பி விட்டுவிடாதீர்கள். அதில் இருப்பது அந்த நேரத்துத் தொகை மட்டும். டாலரில் கட்டினால் கணக்கு முடிய ஓரிரு நாள் ஆகும், தொகை சற்று மாறலாம். மார்க்கப்பும் ஜிஎஸ்டியும் ஸ்டேட்மென்ட்டில் தனி வரிகளாக வரக்கூடும். அக்காவின் ஸ்டேட்மென்ட்டில் அந்த 18 ரூபாயும் 3.24-ம் கேமின் பெயரே இல்லாமல் நான்கு வரி தள்ளித்தான் கிடந்தன.