முதல் இடம், கடைசி இடம்: ஒரே எண் பலமுறை வரும் அரேயில் தேடும்போது செய்யக்கூடாதவை

வியாசர்பாடியில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் பைனரி சர்ச் எழுதச் சொன்னால் இப்போதெல்லாம் யாரும் தடுமாறுவதில்லை. வரிசைப்படுத்திய அரேயைப் பாதியாக்கி, அதில் பாதியைத் தள்ளி, எண்ணைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதே அரேயில் 5 என்ற எண் பலமுறை வருகிறது, அது எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்று கேட்டால்தான் சிக்கல். ஒவ்வொரு வருடமும் அதே தவறுகள், ஏறக்குறைய அதே வரிசையில் வருகின்றன. வரிசைப்படுத்தாத அரேயில் தேடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை முதல் ஓட்டத்திலேயே அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு இரண்டு பக்கமும் நடப்பது

இதுதான் எனக்கு இன்னும் கோபம் வரவைக்கும் தவறு. விடை சரியாக வருவதால் இதைத் தவறு என்று ஒப்புக்கொள்ள வைப்பதே பெரிய வேலை.

பைனரி சர்ச்சில் ஏதோ ஒரு 5 கிடைத்துவிடுகிறது. அங்கிருந்து இடப்பக்கம் ஒவ்வொன்றாக நகர்ந்து 5 அல்லாத எண் வரும்வரை போவது, பிறகு வலப்பக்கமும் அப்படியே போவது:

```python
i = j = pos
while i > 0 and a[i-1] == x:
    i -= 1
while j < len(a)-1 and a[j+1] == x:
    j += 1
```

போன வருடம் என்னிடம் படித்த ஒரு பையனுடைய மாமாவுக்குக் காசிமேட்டில் மீன் கமிஷன் வியாபாரம். மாமாவின் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று பையன் இறங்கினான். மீன் வகை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், நெத்திலிக்கு 5. பழைய கணக்கு முழுவதையும் முதலில் வகை எண்ணாலும், ஒரே வகைக்குள் தேதியாலும் வரிசைப்படுத்தி வைத்திருந்தான். காலையில் ஒரு முறை அதை ஏற்றினால் அன்று முழுவதும் அது மாறாது. புதிதாக ஒரு வரவு போடும்போது, அந்த வகையில் இதுவரை எத்தனை வரவு, கடைசியாகப் போன விலை என்ன என்று இரண்டு விவரமும் திரையில் தெரியவேண்டும். யோசனை நல்ல யோசனைதான். கடைசி இடத்திலிருந்து முதல் இடத்தைக் கழித்து ஒன்று கூட்டினால் எண்ணிக்கை. தேதியாலும் வரிசைப்படுத்தியிருப்பதால் கடைசி இடத்தில் இருப்பதே கடைசி விலை.

அவன் இதை எழுதியது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில். விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள். சிறிய படகுகளின் வரவு மட்டும்தான், அதுவும் சில நூறு வரி. புரோகிராம் கண் இமைக்கும் நேரத்தில் விடை சொன்னது. தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போனதும் பழைய வருடங்களின் கணக்கையும் சேர்த்து ஏற்றினான். வவ்வால் மீனுக்கு உடனே விடை வந்தது. நெத்திலி என்று போட்டால் திரை நின்று நின்று நகர்ந்தது.

“அண்ணா, ஆன்சர் கரெக்டாதான் வர்து. கம்ப்யூட்டர்தான் பழசுண்ணா, அதான் ஸ்லோ” என்றான்.

“பழைய கம்ப்யூட்டர்னா வவ்வாலுக்கும்தானே ஸ்லோ ஆவணும்?” என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பட்டியலில் 6 லட்சம் வரி, அதில் நெத்திலி மட்டும் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பைனரி சர்ச்சுக்கு அதிகபட்சம் 20 ஒப்பீடு போதும், ஏனென்றால் 2-ஐ 20 முறை பெருக்கினால் 10 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் நடப்பதற்கு 2 லட்சம் அடி. ஒரு காலையில் நெத்திலிக்கு 1000 வரவு போட்டால் 20 கோடி அடி. இடது எல்லைக்கு ஒன்று, வலது எல்லைக்கு ஒன்று என்று இரண்டு பைனரி சர்ச் போட்டிருந்தால் ஒரு வரவுக்கு 40 ஒப்பீடு, 1000 வரவுக்கு 40 ஆயிரம்.

அதாவது இந்த முறையில் ஆகும் நேரம் பட்டியலின் நீளத்தைப் பொறுத்ததில்லை. தேடும் எண் எத்தனை முறை வருகிறது என்பதைப் பொறுத்தது. அரே முழுவதும் 5 மட்டுமே இருந்தால், பைனரி சர்ச் போட்டதற்குப் பயனே இல்லை. முதலிலிருந்து கடைசிவரை நடந்ததற்குச் சமம். இந்தத் தவறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழியும் அதுதான். ஒரே எண்ணால் நிரம்பிய அரேயைக் கொடுங்கள். அதன் நீளத்தை இரட்டிப்பாக்குங்கள். நேரமும் இரட்டித்தால் உள்ளே எங்கோ நடை இருக்கிறது. சரியான முறையில் நீளம் இரட்டித்தால் ஒரு தேடலுக்கு ஓர் ஒப்பீடுதான் கூடும்.

ஒரு நியாயம் மட்டும் சொல்லவேண்டும். அந்த 2 லட்சம் வரிகளையும் எப்படியும் அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால், நடையால் பெரிய நட்டமில்லை, அந்த வேலைக்கே 2 லட்சம் அடி தேவை. எல்லைகள் மட்டும் தேவைப்படும் இடத்தில் நடப்பதைத்தான் ஏற்கவே முடியாது.

5-ஐப் பார்த்ததும் நின்றுவிடுவது

மேலே சொன்ன தவறின் வேர் இங்கே இருக்கிறது. பழைய பழக்கத்தில் `if a[mid] == x: return mid` என்ற வரி கையோடு வந்துவிடுகிறது. எல்லை தேடும்போது அந்த வரிக்கு இடமே கிடையாது. நாம் தேடுவது 5-ஐ இல்லை. “5-ஐவிடக் குறைவு” என்பது எங்கே முடிகிறது என்பதைத் தேடுகிறோம். ஒவ்வோர் இடத்திலும் “நீ 5-ஐவிடக் குறைவா?” என்று கேட்டால், வரிசைப்படுத்திய அரேயில் பதில்கள் ஆம், ஆம், ஆம் என்று வந்து ஒரு புள்ளிக்குப் பிறகு இல்லை, இல்லை என்றே போகும். முதல் “இல்லை” எங்கே என்பதுதான் கேள்வி. 5 கண்ணில் பட்டால் அதுவும் ஒரு “இல்லை” மட்டுமே. அதற்கு முன்னால் இன்னொரு “இல்லை” இருக்கலாம், எனவே இடப்பக்கம் சுருங்கவேண்டும்.

```python
def left(a, x):
    lo, hi = 0, len(a)
    while lo < hi:
        mid = (lo + hi) // 2
        if a[mid] < x:
            lo = mid + 1
        else:
            hi = mid
    return lo
```

`right` என்று இன்னொன்று எழுதவேண்டும். அதில் `<` இருக்கும் இடத்தில் `<=` வரும், வேறு எதுவும் மாறாது. அது 5-ஐத் தாண்டிய முதல் இடத்தைத் தரும். அதில் ஒன்றைக் கழித்தால் கடைசி 5.

`[3, 5, 5, 5, 5, 5, 8, 9]` என்ற அரேயில் இதை ஓட்டிப் பார்ப்போம். `left` முதலில் `lo` 0, `hi` 8 என்று தொடங்குகிறது. `mid` 4, அங்கே 5 இருக்கிறது. குறைவில்லை, ஆகவே `hi` 4 ஆகிறது. அடுத்த `mid` 2, அங்கும் 5, `hi` 2. அடுத்து 1, அங்கும் 5, `hi` 1. கடைசியாக `mid` 0, அங்கே 3. குறைவு, எனவே `lo` 1. இரண்டும் சந்தித்துவிட்டன, முதல் இடம் 1. மூன்று முறை 5-ஐப் பார்த்தும் அது நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் தடவையே நின்றிருந்தால் 4 என்று சொல்லியிருக்கும். `right` அதே அரேயில் 4-ஆம் இடத்தில் 5-ஐப் பார்த்து `lo`-வை 5 ஆக்குகிறது, 6-ஆம் இடத்தில் 8-ஐப் பார்த்து `hi`-ஐ 6 ஆக்குகிறது, 5-ஆம் இடத்தில் 5-ஐப் பார்த்து `lo`-வும் 6 ஆகிறது. 6-இல் ஒன்று கழித்தால் 5, அதுதான் கடைசி இடம்.

லூப் முடியாமல் சுற்றுவது

கடைசி இடத்தை நேரடியாகவே பிடிக்கிறேன் என்று `hi = len(a) - 1` என்று தொடங்கி, 5 அல்லது அதைவிடச் சிறியது கிடைத்தால் `lo = mid` என்று எழுதுவார்கள். பெரும்பாலான அரேக்களில் நன்றாக நெருங்கிவந்து, கடைசி இரண்டு இடத்தில் சிக்கிக்கொள்ளும். `lo` 4, `hi` 5 என்றால் `(4 + 5) // 2` என்பது 4. `lo` மறுபடியும் 4. அடுத்த சுற்றிலும் அதே 4. வகுத்தல் எப்போதும் கீழ்ப்பக்கம் சாய்வதால் `lo` நகரவே நகராது.

`lo = mid` என்று எழுதியே ஆகவேண்டுமென்றால் `mid`-ஐ `(lo + hi + 1) // 2` என்று மேல்பக்கம் சாய்க்கவேண்டும். ஆனால் இரண்டு எல்லைக்கும் இரண்டு பாணி வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பரீட்சை நேரத்தில் எதற்கு எது என்று குழம்பி, இரண்டையும் கலந்து எழுதிவைத்த விடைத்தாள்களைத்தான் பார்க்கிறேன். மேலே உள்ளதுபோல இரண்டுக்கும் ஒரே பாணி, ஒரு குறியீடு மட்டும் வேறு என்றிருந்தால் குழம்ப இடமில்லை.

எண் இல்லவே இல்லை என்பதைச் சரிபார்க்காமல் விடுவது

`left` எப்போதும் ஏதோ ஓர் எண்ணைத் திருப்பித் தரும், 5 அரேயில் இல்லாவிட்டாலும். மேலே உள்ள அரேயில் 6-ஐக் கேட்டால் 6-ஆம் இடத்தைத் தரும். அங்கே இருப்பது 8. 10-ஐக் கேட்டால் 8-ஆம் இடத்தைத் தரும். அப்படி ஓர் இடமே அரேயில் இல்லை. ஆகவே முதலில் நீளத்தையும் பிறகு மதிப்பையும் பார்க்கவேண்டும், இந்த வரிசையிலேயே:

```python
def both(a, x):
    f = left(a, x)
    if f == len(a) or a[f] != x:
        return [-1, -1]
    return [f, right(a, x) - 1]
```

`or`-இன் இரண்டு பக்கத்தையும் மாற்றிப் போட்டால், 10-ஐத் தேடும் நாளில் `IndexError` வரும்.

`left(a, x + 1) - 1`

`right` எழுதாமல் கடைசி இடத்தைப் பிடிக்கச் சிலர் போடும் குறுக்குவழி இது. முழு எண்களுக்கு மட்டும் சரி. விலைப் பட்டியலில் 250-ம் 250.50-ம் இருந்தால் தவறான இடத்தைத் தரும்.

ரெடிமேடாக இருப்பதை விசாரிக்காமல் எடுப்பது

பைத்தானில் `bisect_left`, `bisect_right` இருக்கின்றன. சி பிளஸ் பிளஸில் `lower_bound`, `upper_bound`. இவை நாம் எழுதிய இரண்டும்தான், தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஜாவாவின் `Arrays.binarySearch` அப்படியில்லை. ஒரே மதிப்பு பலமுறை இருந்தால் எது கிடைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது என அதன் ஆவணமே சொல்கிறது. அதை முதல் இடம் என்று நம்பி எழுதிய புரோகிராம் சில அரேக்களில் தற்செயலாகச் சரியாக ஓடும். அதனால்தான் பிழை வெகுநாள் வெளியே தெரிவதில்லை. சி பிளஸ் பிளஸின் `binary_search` இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும், இடத்தைச் சொல்லாது.

`lo + hi`

பைத்தானில் கவலை இல்லை. ஜாவாவில் `lo + (hi - lo) / 2` என்று எழுதுங்கள். கூட்டல் 2147483647-ஐத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும்.

இரண்டு அரேயை மட்டும் சோதித்து முடித்துவிடுவது

காலி அரே, ஒரே ஓர் எண் உள்ள அரே, எல்லாமே 5 ஆக இருக்கும் அரே, 5 முதலில் மட்டும் இருப்பது, கடைசியில் மட்டும் இருப்பது, நடுவில் 5 இல்லாமல் 4-ம் 6-ம் மட்டும் இருப்பது. இவை ஆறையும் கையால் ஓட்டியபிறகு, பத்துக்கும் குறைவான நீளத்தில் 1 முதல் 4 வரை உள்ள எண்களால் ஆயிரக்கணக்கான அரேக்களைக் கண்டபடி உருவாக்கி வரிசைப்படுத்தி, 0 முதல் 5 வரை ஒவ்வோர் எண்ணையும் தேடவிடுங்கள். விடையை ஒப்பிட, முதலிலிருந்து கடைசிவரை நடந்து எண்ணும் ஒரு சாதாரண லூப் போதும். சிறிய அரேக்களையே கொடுக்கச் சொல்வதற்குக் காரணம், எல்லைப் பிழைகள் எல்லாம் `lo`-வும் `hi`-யும் ஒன்றையொன்று நெருங்கும் கடைசி இரண்டு மூன்று இடங்களில்தான் நடக்கின்றன. எங்காவது விடை வேறுபட்டால், அந்த அரே பத்து எண்ணுக்குள்தான் இருக்கும். தாளில் எழுதி ஒவ்வொரு சுற்றாகப் பார்த்துவிடலாம்.