வடிகால் கோணம் குறுகிய கண்ணுக்கு லேசர் இரிடாட்டமி: படிப்படியாக

‘உங்கள் கண்ணில் கோணம் குறுகலாக இருக்கிறது, லேசர் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று டாக்டர் சொன்னால், வலியே இல்லாத கண்ணுக்கு எதற்கு லேசர் என்றுதான் முதலில் தோன்றும். நியாயமான கேள்வி. லேசர் இரிடாட்டமி என்றால், கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையான ஐரிஸில் லேசரால் ஒரு சிறு துளை போடுவது. ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். 58 வயதுப் பெண். சிறுவயதிலிருந்து பிளஸ் பவர் கண்ணாடி, இப்போது +3. அவருடைய அம்மாவுக்குக் கண் அழுத்தம் திடீரென்று ஏறி ஒரு கண் போய்விட்டது. இவருக்கு அழுத்தம் 17. சாதாரண அளவுதான் (10 முதல் 21 வரை).

முதலில், அடைப்பு எப்படி வருகிறது?

ஐரிஸுக்குப் பின்னால் சுரக்கும் நீர், ஐரிஸின் நடுத் துவாரமான கண்மணி வழியாக முன்பக்கம் வந்து, ஐரிஸும் அதற்கு முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் கருவிழியும் சேரும் மூலையில் உள்ள சல்லடை வழியாக வெளியேறுகிறது. அந்த மூலைதான் வடிகால் கோணம். பிளஸ் பவர் கண் பொதுவாக அளவில் சிறியது. வயது ஏற ஏற உள்ளே இருக்கும் லென்ஸும் தடிக்கிறது. அப்போது லென்ஸ் ஐரிஸின் பின்புறத்தோடு ஒட்டி உரச, நீர் கண்மணியைத் தாண்ட முடியாமல் பின்னால் தேங்குகிறது. அந்த அழுத்தத்தில் ஐரிஸ் காற்று நிறைந்த கப்பல் பாய்போல் முன்னால் புடைத்துக் கோணத்தை மூடுகிறது.

கண்மணி பாதி விரிந்திருக்கும்போது இந்த உரசல் அதிகம். அதனால்தான் மங்கல் வெளிச்சத்திலும், சில சளி, அலர்ஜி, மனச்சோர்வு மாத்திரைகளாலும் அடைப்பு தூண்டப்படலாம். ஆசிய வம்சாவளியினர், பெண்கள், 50 வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் இது உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல்.

இரண்டாவது, கோணத்தைப் பார்ப்பது

அழுத்தம் 17 என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. கோனியோஸ்கோபி என்ற சோதனை வேண்டும். கண்ணை மரத்துப்போகச் செய்து, கண்ணாடிகள் பதித்த சிறு லென்ஸைக் கருவிழிமேல் வைத்து மூலையைப் பார்ப்பார்கள். இதை இருட்டறையில், வெளிச்சம் கண்மணிக்குள் விழாதபடி செய்ய வேண்டும். வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்கி, குறுகிய கோணம்கூட நன்றாகத் திறந்திருப்பதாகக் காட்டிவிடும். நம் உதாரணப் பெண்ணுக்கு நான்கு பக்கங்களில் மூன்றில் சல்லடையே தெரியவில்லை.

மூன்றாவது, லேசர் நாள்

பைலோகார்பின் சொட்டு மருந்து போடுவார்கள். கண்மணி சுருங்கி, ஐரிஸ் இழுபட்டு மெலிதாகும். புருவத்தருகே லேசாக வலிக்கலாம். அழுத்தம் ஏறாமலிருக்க இன்னொரு சொட்டு, மரத்துப்போக ஒன்று. அப்புறம் மோவாயைத் தாங்கியில் வைத்து உட்கார வேண்டும். கண்மேல் ஒரு லென்ஸை வைத்துப் பிடித்துக்கொண்டு, ஐரிஸின் ஓரத்தில் மெலிந்த குழியாகப் பார்த்து யாக் லேசரால் சுடுவார்கள். ‘டிக்’ என்று கேட்கும், சுருக்கென்று இருக்கும். துளை முழுமையாக விழுந்த கணத்தில், பின்னால் தேங்கிய நீர் நிறமித் துகள்களோடு குபுக்கென்று முன்பக்கம் பாய்வதை டாக்டர் பார்ப்பார். ரத்தம் கசிந்தால் அதே லென்ஸைச் சற்று அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

துளை ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் நீருக்கு மாற்று வழி கிடைத்ததால் முன்னும் பின்னும் அழுத்தம் சமமாகிறது, ஐரிஸ் பின்னால் தட்டையாகிறது, கோணம் அகலமாகிறது.

நான்காவது, அதற்குப் பிறகு

சுமார் ஒரு மணி நேரம் கழித்து அழுத்தத்தைத் திரும்பப் பார்ப்பார்கள். சிலருக்குத் தற்காலிகமாக ஏறும். இதற்கு முன் கிளம்பிவிடாதீர்கள். வீக்கம் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் சொட்டு மருந்து. அன்று பார்வை மங்கலாகத்தான் இருக்கும். சிலருக்குத் துளை வழியே வெளிச்சம் நுழைந்து மெல்லிய கோடுபோல் தெரியலாம்.

பிறகு வரும் சோதனையில் கோனியோஸ்கோபியைத் திரும்பச் செய்வது முக்கியம். துளை திறந்திருந்தும் கோணம் மூடியே இருந்தால், ஐரிஸின் அமைப்போ தடித்த லென்ஸோ காரணமாக இருக்கலாம். அப்போது கண்புரை அறுவை சிகிச்சைபோல வேறு வழி தேவைப்படலாம். ஏற்கெனவே பாதித்த பார்வை நரம்பை லேசர் மீட்டுத் தராது.

எல்லோருக்கும் தேவையா?

இல்லை. சீனாவின் குவாங்சோவில் கோணம் குறுகிய 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் போட்டு ஆறு ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2019-இல் வந்தது. லேசர் போட்ட கண்களில் பிரச்சினை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் போடாத கண்களிலும் அது அரிதாகவே வந்தது. அதனால் கோணம் குறுகல் மட்டும் என்றால் கவனித்துக்கொண்டே இருப்பதும் சரியான முடிவுதான். நம் உதாரணப் பெண்ணுக்கு அம்மாவின் வரலாறு இருப்பதால் நான் லேசர் பக்கம்தான் சாய்வேன்.

காத்திருப்பவர்கள் புது மாத்திரை எழுதும் டாக்டரிடம் கோணம் குறுகல் என்று சொல்லிவிடுங்கள். ஒரு கண் சிவந்து, கடும் வலி, மங்கல் பார்வை, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், வாந்தி என்று வந்தால், வயிற்றுக் கோளாறு என்று விடியும்வரை காத்திருக்காமல் அந்த நேரமே கண் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.